நெத்தலி வந்ததா, வந்தனவா?

எத்தாளையில் எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் கருவாட்டைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கற்பிட்டி வீதியில் போகிறவர் மூக்கே அந்தப் பாடத்தைப் படித்துக்கொள்ளும். ஆனால் என் தம்பி மகன் கருவாட்டை இணையத்தில் விற்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கியவர்கள் எழுதும் நான்கைந்து வரிக் கருத்துகளைக் கைபேசியில் நீட்டி, "மாமி, இதக் கொஞ்சம் பாத்துத் தாங்க" என்பான். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு நான்கு வரி எம்மாத்திரம் என்றுதான் நானும் நினைத்தேன்.

போன மாதம் குருநாகல் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நான்கு நட்சத்திரம் போட்டு, கடைசியில் "பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்" என்றும் கேட்டிருந்தார். அவர் எழுதியது இது:

"நான் இந்த கடையில் ஒரு கட்டா கருவாடு மற்றும் ஒரு நெத்தலி கருவாடு ஓடர் செய்தேன். ஒரு மூன்று நாளில் பார்சல் வந்தன. கடை நன்றாக பேசினார்கள். கட்டா துண்டுகளின் உப்பு கூடுதலாக இருந்தன. ஆனால் நெத்தலிகள் மிகவும் நல்லது. ஒவ்வொரு பைகளிலும் திகதி ஒட்டியிருந்தது. ஓர் சின்ன குறை, ஒரு பை கிழிந்திருந்தது. இவைகள் தரமான ஒரு பொருட்கள் ஆகும்."

சிரிக்க வேண்டாம். இதில் இல்லாத பிழையை நாளிதழ்களிலும் நான் கண்டதில்லை. இதிலுள்ள பிழைகளில் முக்கால்வாசி இரண்டு இடத்தில்தான் இருக்கின்றன: எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகாத இடம், "ஒரு" என்ற சொல் தேவையில்லாமல் குந்தியிருக்கும் இடம். ஒற்று விடுபட்ட இடங்களும் உண்டு. "இந்தக் கடை", "நன்றாகப் பேசினார்கள்" என்று அவற்றைப் பேசாமல் போட்டுவிட்டேன். அவற்றை இங்கே எடுக்கவில்லை. இந்த எட்டு வரியை வைத்துக்கொண்டு, திருத்தும்போது செய்யவேண்டியதையும் கூடாததையும் எழுதிவைக்கிறேன்.

செய்ய வேண்டியவை

முதலில் பயனிலையைப் பிடியுங்கள். பிறகு "எது? எவை? யார்?" என்று கேளுங்கள்.

வரியை இடமிருந்து வாசித்துக்கொண்டே போனால் பிழை கண்ணில் படாது. நமக்குப் பொருள் விளங்கிவிடுவதால் மனம் தானாகவே சரிசெய்துகொண்டு போய்விடும். ஆகவே கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். "வந்தன." எவை வந்தன? பார்சல். எத்தனை பார்சல்? ஒன்று. அப்படியானால் "வந்தது". "பேசினார்கள்." யார் பேசினார்கள்? கடை. கடை பேசுமா? கடைக்காரர்தான் பேசுவார். கடை அஃறிணை, பேசினார்கள் உயர்திணை. வினையை மாற்றி "கடை பேசியது" என்று எழுதினால் இலக்கணம் சரியாகும், ஆனால் கடை பேய் பிடித்ததுபோல் ஆகிவிடும். எழுவாயை மாற்றுங்கள்: "கடைக்காரர்கள் நன்றாகப் பேசினார்கள்." உண்மையில் பேசியது என் மருமகன் ஒருவன்தான். அதை அந்த வாடிக்கையாளர் அறியமாட்டார், அறியவும் தேவையில்லை. ஆனால் "கடைக்காரர் நன்றாகப் பேசினார்" என்று போட்டால் ஒருமையும் மரியாதையும் இரண்டுமே வந்துவிடும். அதையே போட்டேன்.

பார்சல் கொண்டுவருபவரைப் பற்றி எழுதும்போதும் இது வரும். "டெலிவரிப் பையன் வந்தார்" என்று பலர் எழுதுகிறார்கள். பையன் என்றால் வந்தான். வந்தார் என்று சொல்ல விருப்பமென்றால் பையன் என்ற சொல்லை விட்டுவிட்டு "பார்சல் கொண்டுவந்தவர்" என்று எழுதலாம். ஒரே வாக்கியத்தில் ஆளைச் சிறியவனாக்கி வினையில் பெரியவராக்குவது அவருக்கும் நல்லதல்ல, தமிழுக்கும் நல்லதல்ல.

எழுவாய்க்கும் வினைக்கும் நடுவிலிருப்பதை விரலால் மறையுங்கள்.

"கட்டா துண்டுகளின் உப்பு கூடுதலாக இருந்தன." இந்தப் பிழைதான் நன்றாகப் படித்தவர்களையும் விழுத்தும். துண்டுகள் என்ற பன்மை காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால், வினை வரும்போது "இருந்தன" என்று வந்துவிடுகிறது. கூடுதலாக இருந்தது துண்டு அல்ல, உப்பு. "துண்டுகளின்" என்பதை விரலால் மூடிவிட்டு வாசித்தால் "உப்பு கூடுதலாக இருந்தன" என்று தனியே நிற்கும். அப்போது யாருக்கும் உறுத்தும். "பைகளின் நிறம்", "மீன்களின் வாசனை", "பொருட்களின் விலை" என்று எழுதுகிற எல்லா இடத்திலும் இந்தப் பொறி இருக்கிறது. வேற்றுமை உருபு ஏற்ற பெயர் எழுவாயாக முடியாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் விரலால் மறைத்தால் விதி தேவையில்லை.

இதே வகையைச் சேர்ந்தது "எனக்குப் பிடித்தது". "எனக்கு" என்பது எழுவாய் அல்ல. பிடித்துப்போன பொருள்தான் எழுவாய். "எனக்கு இரண்டு பைகளும் பிடித்தன" என்பதே இசைவு. பேச்சில் "பிடிச்சது" என்றே எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். பேச்சைப் பேச்சாகவே எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். எழுத்துத் தமிழில் தொடங்கினால் எழுத்துத் தமிழில் முடியுங்கள்.

எண்ணி விற்பதா, நிறுத்து விற்பதா என்று பாருங்கள்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தமிழில் அஃறிணைப் பெயர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. "கள்" சேர்க்காமலேயே பன்மையைச் சொல்லலாம். "மாடு வந்தது" என்றால் ஒரு மாடு, "மாடு வந்தன" என்றால் பல மாடுகள். பெயர் மாறவில்லை, வினைதான் எண்ணைக் காட்டுகிறது. இப்படிப் பெயரைப் பார்த்து ஒருமையா பன்மையா என்று பிரித்தறிய முடியாததால் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணக்காரர் சொன்னார்கள். கருவாடு, நெத்தலி, மிளகாய், பை எல்லாம் அந்த வகைதான். பாரம் முழுவதும் வினையின் தலையில் விழுகிறது. எனவே வினையைத் தவறவிட்டால் சொல்லவந்த எண்ணே போய்விடும்.

அப்படியானால் "நெத்தலி வந்தது" சரியா, "நெத்தலி வந்தன" சரியா? இலக்கணப் புத்தகத்தைத் திறக்குமுன் தராசைப் பாருங்கள். கட்டா பெரிய மீன். அதைப் பிளந்து, குடலெடுத்து, உப்பிட்டு உலர்த்துவார்கள். விற்கும்போது எடை பார்த்தாலும், வீட்டில் பையைத் திறக்கிறவர் அதைத் துண்டு துண்டாக எண்ணிப் பார்ப்பார்: "ஐந்து துண்டுகள் இருந்தன, இரண்டு சிறியவை." இங்கே பன்மை வினை பொருத்தம். நெத்தலியை யாரும் எண்ணுவதில்லை. விரல் நீளமுள்ள சின்ன மீன், கைநிறைய அள்ளி நிறுப்பது. அரிசியைப்போல், மிளகாய்த்தூளைப்போல் அது ஒரு குவியல். "நெத்தலி நன்றாக இருந்தது" என்பதே இயல்பு. "நெத்தலிகள் நல்லது" என்பதில் இரண்டும் கலந்துவிட்டன: பெயரில் எண்ணியாயிற்று, பயனிலையில் நிறுத்தாயிற்று. முறைப்படி "நெத்தலிகள் நல்லவை" என்று திருத்தலாம்தான். ஆனால் அப்படி எழுதினால் அவை குணத்தில் நல்லவை, யாரோடும் சண்டைக்குப் போகாதவை என்று தொனிக்கும். "நெத்தலி மிகவும் நன்றாக இருந்தது" என்று பெயரை ஒருமையாக்கிவிட்டால் சங்கடமில்லை.

அளவு சொல்லும்போதும் இதே கணக்குதான். "இரண்டு கிலோ வந்தது" என்பதை "வந்தன" ஆக்க வேண்டாம். இரண்டு என்ற எண் இருந்தாலும் அது ஒரே அளவு, ஒரே குவியல். "இரண்டு பைகள் வந்தன" என்பதில் எண்ணப்படும் பொருட்கள் இரண்டு. "ஐந்நூறு கிராம் என்று போட்டிருந்தது, நானூற்று எண்பதுதான் இருந்தது" என்று எழுதும் வாடிக்கையாளரின் ஒருமையைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுங்கள். அது சரி. (குறையும் சரியாக இருந்தால் மருமகன் பார்த்துக்கொள்வான்.)

"உம்" இரண்டு வந்தால் கூட்டிப் பாருங்கள். "ஒவ்வொரு" வந்தால் பிரித்துப் பாருங்கள்.

"கட்டாவும் நெத்தலியும் நேரத்துக்கு வந்தது" என்பதில் இரண்டு பொருட்கள், ஆகவே "வந்தன". ஒவ்வொன்றும் தனியே ஒருமைதான், ஆனால் இரண்டு "உம்" சேர்ந்தால் தொகை பன்மை. "ஒவ்வொரு" அதற்கு நேர் எதிர். ஆயிரம் பை இருந்தாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது அந்தச் சொல். பின்னால் வரும் பெயரும் ஒருமை, வினையும் ஒருமை. "ஒவ்வொரு பைகளிலும்" என்பதை "ஒவ்வொரு பையிலும்" ஆக்குங்கள். பன்மையே வேண்டுமென்றால் "எல்லாப் பைகளிலும்" இருக்கிறது.

"இவைகள்" என்பதில் "கள்" வேண்டாம். இவை என்பதே பன்மை. அதற்கு இன்னொரு பன்மையை மாட்டுவது சட்டைக்கு மேல் சட்டை போடுவது போல. இவ்வளவுதான் அதற்கு.

"ஒரு" வந்த இடத்திலெல்லாம் "ஒன்றே ஒன்றா?" என்று கேளுங்கள்.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் "ஏ" என்றோ "த" என்றோ ஒரு சின்னச் சொல் வந்து நிற்கவேண்டும். தமிழில் அப்படி ஒன்று இல்லை. பொருள் எதுவென்று இருவருக்கும் தெரிந்தால் வெறும் பெயரே போதும். தெரியாவிட்டாலும் பல இடங்களில் வெறும் பெயரே போதும்: "கருவாடு வாங்கினேன்." ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் எழுதும்போது "ஏ" இருக்கும் இடமெல்லாம் "ஒரு" வந்து விழுகிறது, "த" இருக்கும் இடமெல்லாம் "அந்த" வந்து விழுகிறது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழியாலும் இது வருகிறது. சிங்களத்தில் பெயரின் வாலிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. "பொத" என்றால் குறித்த புத்தகம், "பொதக்" என்றால் ஏதோவொரு புத்தகம். "மாளுவா" என்றால் குறித்த மீன், "மாளுவெக்" என்றால் ஒரு மீன். சிங்களத்தில் பேசிப் பழகியவர் தமிழில் எழுதும்போது அந்த வாலுக்கு ஈடாக "ஒரு" போட்டுவிடுவதில் வியப்பில்லை. பேச்சுச் சிங்களத்தில் வினையும் ஆளுக்கேற்ப மாறாது. நான் வருவதும் "எனவா", நாங்கள் வருவதும் "எனவா", அவர்கள் வருவதும் "எனவா". இரண்டு மொழியும் வீட்டில் புழங்கும் ஒருவர் தமிழ் வினையின் ஈற்றில் கவனம் தவறுவதை அறியாமை என்று சொல்லமாட்டேன்.

ஆகவே "ஒரு" என்பதைக் கண்டால் உடனே வெட்டாதீர்கள், கேளுங்கள். "தரமான ஒரு பொருட்கள்." ஒன்றே ஒன்றா? இல்லை, பொருட்கள். வெட்டுங்கள். "ஒரு கட்டா கருவாடு மற்றும் ஒரு நெத்தலி கருவாடு." ஒன்றே ஒன்றா? எனக்குத் தெரியவில்லை. ஒரு மீனா, ஒரு பையா, சும்மா வந்த "ஒரு"வா? மருமகனிடம் ஓடர் விவரத்தைப் பார்க்கச் சொன்னேன். கட்டா இரண்டு பை, நெத்தலி ஒரு பை. ஆகவே முதல் "ஒரு" வெறும் ஆங்கில நிழல். இரண்டாவது தற்செயலாக உண்மை. இரண்டையும் எடுத்துவிட்டு "கட்டாக் கருவாடும் நெத்தலிக் கருவாடும்" என்று போட்டேன். "மற்றும்" போனதும் வாக்கியமே இறங்கி நடந்தது.

புதிதாக ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் என்றால் "ஒன்று" என்பதைப் பெயருக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். "லொறியொன்று கவிழ்ந்தது", "வீடொன்று எரிந்தது" என்று நம் நாட்டுப் பத்திரிகைகள் எழுதும் வழக்கம் அதுதான். "பையொன்று கிழிந்திருந்தது" என்று எழுதினால் எங்கள் காதுக்குச் செயற்கையாக இராது. தமிழ்நாட்டு வாசகருக்குக் கொஞ்சம் செய்தி வாசிப்பதுபோல் தோன்றலாம்.

செய்யக்கூடாதவை

எண்ணுக்கு முன்னால் நிற்கும் "ஒரு"வை வெட்டாதீர்கள்.

"ஒரு மூன்று நாளில் பார்சல் வந்தன." மூன்று இருக்கும்போது ஒரு எதற்கு என்று கை பரபரக்கும். நிறுத்துங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் "ஒரு" ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல, நம் வீட்டுச் சொல். அதற்குப் பொருள் "ஏறத்தாழ". "ஒரு பத்துப் பேர் வந்தாங்க" என்றால் ஒன்பதாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் சொன்னது சுமார் மூன்று நாள் என்று. வெட்டினால் சரியாக மூன்று நாள் என்று ஆகிவிடும். அடுத்த ஆள் அதை வாசித்துவிட்டு நான்காம் நாள் தொலைபேசி எடுப்பார். இலக்கணம் திருத்தப்போய்க் கடைக்கு ஒரு வாக்குறுதியை உண்டாக்கிவிட்டோம்.

எடையில் இது இன்னும் கூர்மை. "ஒரு ஐந்நூறு கிராம் இருக்கும்" என்பவர் நிறுத்துப் பார்க்கவில்லை. "ஐந்நூறு கிராம் இருந்தது" என்பவர் நிறுத்துப் பார்த்திருக்கிறார்.

"ஒரு… உம்" இருக்கும் இடத்திலும் கை வைக்காதீர்கள்.

"ஒரு துண்டும் உடையவில்லை" என்றால் எதுவுமே உடையவில்லை. "துண்டு உடையவில்லை" என்றால் எந்தத் துண்டு என்று கேட்கத் தோன்றும்.

"ஓர்" போட்டால் எழுத்து உயர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

உயிரெழுத்துக்கு முன்னால் ஓர், மெய்யோடு சேர்ந்த எழுத்துக்கு முன்னால் ஒரு. ஓர் ஆண்டு, ஒரு வருடம். இருவுக்கும் ஈருக்கும் இதே உறவு: இருமுறை, ஈராண்டு. "ஓரளவு", "ஓரிடம்", "ஓரிரு" என்று ஒட்டிப்போன சொற்களில் யாரும் பிழை விடுவதில்லை. பிரித்து எழுதும்போதுதான் தடுமாறுகிறோம். இப்போது பலர் எல்லா இடத்திலும் "ஒரு" என்றே எழுதுகிறார்கள். அதை நான் பெரிய குற்றமாக எடுப்பதில்லை. கண்ணை உறுத்துவது அதற்கு மறுபக்கம்: "ஓர் சின்ன குறை." பிழை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் விட்ட பிழை. பார்க்கவேண்டியது பக்கத்தில் நிற்கும் சொல்லை மட்டும்தான். "ஓர் அனுபவம்", ஆனால் "ஒரு நல்ல அனுபவம்". "ஒரு பொருள்", ஆனால் "ஓர் அருமையான பொருள்". நடுவில் ஒரு பெயரடை வந்தவுடன் கணக்கு மாறிவிடும்.

அதே பயம்தான் "பார்சல் வந்தன" என்பதிலும் இருக்கிறது. பேச்சில் எல்லாவற்றுக்கும் "வந்தது" என்கிறோம், எழுத்தில் "வந்தன" என்று எழுதவேண்டும் என்று யாரோ எப்போதோ வகுப்பில் அதட்டியிருக்கிறார்கள். (நானாகவும் இருக்கலாம்.) அந்த அதட்டல் மட்டும் மனதில் நின்று, எங்கே என்பது மறந்துபோய்விட்டது.

"அல்ல" என்பதை "அன்று" ஆக்காதீர்கள்.

பழைய கணக்குப்படி அது அன்று, அவை அல்ல. "இது கட்டா அல்ல, பாரை" என்று ஒருவர் எழுதினால், இசைவு பார்க்கிற ஆசிரியர் "இது கட்டா அன்று" என்று திருத்தவேண்டும். திருத்தினால் வாசிப்பவர் "அன்று" என்பதை அன்றைய தினம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு என்ன நடந்தது என்று அடுத்த சொல்லைத் தேடுவார். இன்றைய எழுத்தில் "அல்ல" ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாகிவிட்டது, விட்டுவிடுங்கள். "இல்லை" என்பதிலோ இந்தத் தொல்லையே கிடையாது. பார்சலும் வரவில்லை, பார்சல்களும் வரவில்லை. குறை சொல்பவர்கள் இலக்கணப் பிழை குறைவாக விடுகிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. எதிர்மறை வினைதான் அவர்களைக் காப்பாற்றுகிறதோ என்னவோ.

"ஆகும்" சேர்க்காதீர்கள். "இவை தரமான பொருட்கள்" என்பதோடு வாக்கியம் முடிந்துவிட்டது.

குறையைத் திருத்தாதீர்கள்.

நான் "இருந்தன" என்பதை "இருந்தது" ஆக்கிக்கொண்டிருந்தபோது மருமகன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.

"மாமி, அந்த உப்பு வரிய எடுத்திடலாமே. மத்ததெல்லாம் நல்லாத்தானே சொல்லியிருக்காங்க."

"உப்பு கூடுதலா, இல்லையா?"

"கட்டாவுக்கு உப்புப் போடாம வைக்க ஏலுமா மாமி? புழுத்திடும்."

"அப்ப அதக் கீழ பதிலா எழுது. ஊறவைச்சுக் கழுவிட்டு ஆக்கச் சொல்லு."

இலக்கணம் திருத்தும் உரிமை அவர் தந்தது. பொருள் திருத்தும் உரிமை அவர் தரவில்லை. "கூடுதலாக" என்பதைக் "கொஞ்சம் கூடுதலாக" ஆக்குவதும் பொருள் திருத்துவதுதான். நம் நாட்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், வியாபாரி வாங்குபவரை ஏமாற்றும் விதமாக நடந்துகொள்வதைத் தடைசெய்கிறது. ஒரு "கொஞ்சம்" அதில் அகப்படுமா என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். உப்பு வரி இல்லாத கருத்தை வாசித்துவிட்டு வாங்கி, ஊறவைக்காமல் ஆக்கிய ஆள் அடுத்து ஒரு நட்சத்திரம்தான் போடுவார் என்பது மருமகனுக்கே விளங்கியது.

சொந்தக் குரலை அழிக்காதீர்கள். "திகதி"யைத் "தேதி" ஆக்க வேண்டாம், "ஓடர்" என்பதைக் "கொள்வனவுக் கட்டளை" ஆக்கவே வேண்டாம். அவர் நம் நாட்டுக்காரர் என்பது அந்தச் சொற்களில்தான் தெரிகிறது. கருத்துகள் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தால் கடைக்காரரே உட்கார்ந்து எழுதியவை என்றுதான் வாசிப்பவர் நினைப்பார்.

திருத்தியதை அவரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

இந்த விதியை நான் கடைசியில் எழுதியதற்குக் காரணம், நானே அதைக் கடைசியில்தான் நினைத்தேன். திருத்திய வடிவம் இப்படி இருந்தது:

"இந்தக் கடையில் கட்டாக் கருவாடும் நெத்தலிக் கருவாடும் ஓடர் செய்தேன். ஒரு மூன்று நாளில் பார்சல் வந்தது. கடைக்காரர் நன்றாகப் பேசினார். கட்டாத் துண்டுகளில் உப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் நெத்தலி மிகவும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு பையிலும் திகதி ஒட்டியிருந்தது. ஒரு சின்னக் குறை: ஒரு பை கிழிந்திருந்தது. இவை தரமான பொருட்கள்."

"நான்" போனது ஏனென்றால் "செய்தேன்" என்பதிலேயே நான் இருக்கிறேன். "துண்டுகளின்" என்பதைத் "துண்டுகளில்" ஆக்கினேன், உப்பு இருப்பது அங்கேதான். கிழிந்த பையின் "ஒரு"வை விட்டுவைத்தேன். வந்தவை மூன்று பைகள், கிழிந்தது ஒன்று. ஒன்றே ஒன்றா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வருகிறது, ஆகவே அது எண். அதை வெட்டினால் மூன்றும் கிழிந்தனவா என்று சந்தேகம் வரும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மருமகன் அதை அவருக்கு அனுப்பினான். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. எல்லாம் சரி, நன்றி, ஆனால் கிழிந்தது நெத்தலிப் பை என்று சேர்க்க முடியுமா, கட்டாப் பைகள் நன்றாகவே இருந்தன, கட்டா வாங்குகிறவர்கள் பயப்படக்கூடாது என்று கேட்டிருந்தார்.

நெத்தலிப் பை வந்ததே ஒன்றுதான். நான் அவ்வளவு பாதுகாத்து வைத்திருந்த "ஒரு"வை வெட்டிவிட்டு, "நெத்தலிப் பை கிழிந்திருந்தது" என்று போட்டேன். மருமகன் அடுத்த நாளே பாலாவிக்குப் போகிறவரிடம் புதுப் பை ஒன்றைக் கொடுத்தனுப்பினான், இரண்டு உறை போட்டு.